தூது போன நாரையும் மேகமும்: இரு மொழிக் கவிதைகளை ஒப்பிடும் செயற்றிட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

தரம் 10, 11 மாணவர்களின் இலக்கியச் செயற்றிட்டங்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். ‘உலக இலக்கியங்களில் காதல்’, ‘பல்மொழிக் கவிதைகளில் இயற்கை’, ‘தாய்மை: ஓர் ஒப்பீடு’ என்ற மூன்று தலைப்புகளும் ஆண்டு தவறாமல் வந்துவிடுகின்றன. அட்டையில் ரோஜாப்பூ ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு குறுந்தொகைப் பாடல், ஓர் ஆங்கிலக் கவிதை, ஒரு திரைப்பாடல். முடிவுரையில் ‘எல்லா மொழியிலும் காதல் ஒன்றே’ என்று எழுதியிருக்கும். அந்த முடிவுக்கு வர எந்தப் பாடலையும் வாசிக்கத் தேவையில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. காதலும் இயற்கையும் கடல் போன்றவை. எந்தக் கரையில் இறங்குவது என்று நாம்தான் காட்டவில்லை. ஆகவே ‘தூது’ என்ற ஒரே ஒரு துறையை மட்டும் எடுத்து, செயற்றிட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை எப்படிக் கொண்டுபோவது என்று எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படிக்கும் பிள்ளைக்கு இது கைக்கெட்டும் துறை. தமிழ் வகுப்பறையில் இருக்கிறது, இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள், பக்கத்து வீட்டு மௌலவிக்கு அரபு தெரியும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதியபோது ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தார். இந்த மண்ணில் ஒப்பீடு புதிதல்ல.

முதல் வேலை: கருப்பொருளை விட்டுவிட்டுச் சூழலைப் பிடியுங்கள்

‘பிரிவு’ என்பது கருப்பொருள். ‘பிரிந்திருக்கும் ஒருவர் பேசத் தெரியாத ஒன்றிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார்’ என்பது சூழல். கருப்பொருளை வைத்து ஒப்பிட்டால் இரண்டு பாடல்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும். சூழல் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு புலவரும் அதே கட்டங்களைக் கடந்தாக வேண்டும். தூது போவதை அழைக்க வேண்டும், வழி சொல்ல வேண்டும், போய்ச் சேரும் இடத்தை அடையாளம் காட்ட வேண்டும், செய்தியைச் சொல்ல வேண்டும். ஒரே கட்டத்தில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும்போது வேறுபாடு தானாகத் தெரியும்.

தமிழில் தூது, தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களில் ஒன்று. கலிவெண்பாவில் பாடப்படுவது. தூது விடத் தக்கவை பத்து என்று இலக்கண நூல் சொல்லும்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இந்தப் பட்டியலைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்வேன். பின்னால் உதவும்.

ஆனால் செயற்றிட்டத்துக்கு நீண்ட தூது நூல்களை எடுக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான கண்ணிகளை ஒரு தவணைக்குள் ஊன்றி வாசிக்க முடியாது.

எந்தப் பாடல்கள்

தமிழிலிருந்து ஒன்றே போதும். தனிப்பாடல் திரட்டில் உள்ள சத்திமுத்தப் புலவரின் பாடல்:

நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்
நீயும்நின் மனைவியும் தென்றிசைக் குமரியாடி
வடதிசைக்கு ஏகுவீ ராயின்
எம்மூர்ச் சத்திமுத்த வாவியுள் தங்கி
நனைசுவர்க் கூரைக் கனைகுரற் பல்லி
பாடுபார்த் திருக்குமெம் மனைவியைக் கண்டு
எங்கோன் மாறன் வழுதி கூடலில்
ஆடை யின்றி வாடையின் மெலிந்து
கையது கொண்டு மெய்யது பொத்திக்
காலது கொண்டு மேலது தழீஇப்
பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்
ஏழை யாளனைக் கண்டனம் எனுமே

பதினான்கே அடிகள். கும்பகோணத்துப் பக்கத்துச் சத்திமுத்தத்திலிருந்து பரிசில் தேடி மதுரைக்கு வந்த புலவர், உடுக்க மேலாடை இல்லாமல் குளிரில் சுருண்டு கிடந்து பாடியது.

இதற்கு எதிரே வைக்கக் காளிதாசரின் மேகதூதம். வடமொழியில், ‘மந்தாக்கிராந்தா’ என்ற, அடிக்குப் பதினேழு அசை கொண்ட சந்தத்தில் அமைந்தது. குபேரனின் சாபத்தால் ஓராண்டு நாடு கடத்தப்பட்ட யட்சன் ஒருவன் இராமகிரியில் இருக்கிறான். ஆஷாட மாதத்தில் மலைமேல் வந்து படிந்த மேகத்தைக் கண்டு, இமயத்தில் அளகாபுரியில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறான். நூல் பூர்வமேகம், உத்தரமேகம் என்று இரண்டு பகுதி. முதற் பகுதி வழி. இரண்டாவது வீடும் மனைவியும் செய்தியும். மாணவர்கள் முழுவதையும் மொழிபெயர்ப்பில் ஒருமுறை கதைபோல வாசித்துவிட்டு, உத்தரமேகத்தில் வீட்டை விவரிக்கும் பகுதியையும் மனைவியை விவரிக்கும் பகுதியையும் மட்டும் ஊன்றிப் படித்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு சிங்களப் பாடலும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். அதை முதலிலேயே சேர்த்துக்கொண்டால் வேலை குழம்பிவிடும் என்பது என் அனுபவம்.

வாசிப்பது: முதல் இரண்டு கிழமைகள்

தமிழ்ப் பாடலானாலும் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதவேண்டும். ‘எனக்குத் தெரிந்த தமிழ்தானே’ என்று தாண்டும் இடத்தில்தான் வழுக்கும். ‘பாடுபார்த்திருக்கும்’ என்பதை ‘பாடுபட்டுக்கொண்டிருக்கும்’ என்று எழுதிய கட்டுரைகள் என்னிடம் பல வந்திருக்கின்றன. இங்கே பாடு என்பது பல்லியின் ஒலி. கணவன் எப்போது வருவான் என்று பல்லி சொல்லுமா என மனைவி காது கொடுத்திருக்கிறாள். பல்லி சொன்னால் நிமிர்ந்து பார்க்கும் அம்மம்மா இன்றும் நம் வீடுகளில் உண்டு. அவரிடம் கேட்டிருந்தால் இந்தப் பிழை வந்திராது.

‘வாவி’ என்ற சொல்லும் அப்படித்தான். மட்டக்களப்புப் பிள்ளைக்கு வாவி என்றால் கல்லடிப் பாலத்தின் கீழ் ஓடும் உவர்நீர்ப் பரப்பு. பாடலில் அது ஊர்க்குளம். ‘வாவியில் மீன்பிடிப்போர் நடுவே நாரைகள் தங்கின’ என்று ஒரு மாணவர் அழகாக எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் அது சத்திமுத்தம் அல்ல.

நாரையின் படத்தை ஒட்டுவதானால் கவனம் தேவை. நம் பக்கத்துக் குளங்களில் அடிக்கடி நிற்பது மஞ்சள் மூக்கு நாரை. புலவர் சொல்வது பவள நிற அலகும் சிவந்த காலும் உடைய பறவை. அலகின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை ஒட்டுங்கள். அதைவிட நல்ல பரிசோதனை ஒன்று உண்டு. பனங்கிழங்கு அவிக்கும் காலமானால் ஒரு கிழங்கை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடி தடித்து நுனி கூராகி ஒடுங்கும் இரண்டு பாதிகளும் மேல் அலகும் கீழ் அலகுமாகக் கண்முன்னே நிற்கும். நாரையின் அலகுக்கு என்ன உவமை சொல்வதென்று பாண்டியன் நெடுநாள் யோசித்திருந்தான், இரவில் நகர்வலம் வரும்போது இந்த அடியைக் கேட்டுத் தன் மேலாடையைப் புலவர்மேல் போட்டுவிட்டுப் போனான் என்று செவிவழிக் கதை சொல்வார்கள். கதையைக் கதை என்றே எழுதுங்கள்.

வடமொழிப் பாடலை மொழிபெயர்ப்பில்தான் படிக்கப் போகிறோம். அதனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மொழிபெயர்ப்பில் தங்கும் விடயங்களைப் பற்றி மட்டுமே வாதிடலாம்: யார், எங்கே, என்ன காட்சி, எந்த ஒழுங்கில். ஓசை, எதுகை, சொல்லழகு பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது. ‘காளிதாசரின் இனிய ஓசை நயம்’ என்று எழுதும் பிள்ளை அதைக் கேட்டிருக்க வழியில்லை. 1813இல் வில்சன் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. அது எதுகை பார்த்துச் செய்த செய்யுள் என்பதால் மூலத்தில் இல்லாத சொற்களும் உள்ளே வந்திருக்கும். அதை மட்டும் நம்பவேண்டாம். உரைநடையில் உள்ள இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவம் பற்றியும் ஒரு சொல். ஆஷாடம் ஏறத்தாழ நம் ஆனி, ஆடி. நமக்கு அது கச்சான் காற்று வீசி நிலம் காயும் காலம். மழை கார்த்திகை மார்கழியில்தான் அடித்துக் கொட்டும். இந்தியாவின் நடுப்பகுதியில் ஆஷாடம்தான் மழை தொடங்கும் மாதம். மழை தொடங்குமுன் பயணம் போனவர்கள் வீடு திரும்பிவிட வேண்டும். தமிழில் கார்காலத்தையும் முல்லைத் திணையையும் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கார் வந்தது, தலைவன் வரவில்லை என்பதுதான் யட்சனின் நிலையும். ஆனால் முல்லையில் தலைவன் தேரேறித் திரும்பிக்கொண்டிருப்பான். யட்சனால் அசைய முடியாது. மேகம் போகிறது, அவன் போகமுடியாது. இந்த ஒரு பத்தியை எழுதத் தெரிந்த மாணவருக்கு நான் கைகூசாமல் புள்ளி கொடுப்பேன்.

ஐந்து கேள்விகள், ஐந்து அட்டைகள்

மூன்றாவது கிழமையில் தடித்த அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். அட்டைக்கு ஒரு கேள்வி. அனுப்புபவர் யார், ஏன் தானே போகமுடியவில்லை? தூது போவதை எப்படி அழைக்கிறார்? என்ன வழி சொல்கிறார்? வீட்டை எப்படி அடையாளம் காட்டுகிறார்? கடைசியில் சொல்லச் சொன்ன சொல் என்ன? அட்டையின் ஒரு பக்கத்தில் நாரை, மறுபக்கத்தில் மேகம். ஒவ்வொரு பக்கத்திலும் பாடலின் சொல்லை அப்படியே எழுதி, அதன் கீழே உங்கள் குறிப்பு. பாடலின் சொல் இல்லாத குறிப்பை வைத்திருக்க வேண்டாம்.

இனி நான்காவது அட்டையை எடுத்து, அது எப்படிப் பத்தியாகிறது என்று பார்ப்போம்.

யட்சன் தன் வீட்டை மேகத்துக்கு விவரிக்கிறான். வானவில் போன்ற தோரணவாயில். மரகதப் படிகள் இறங்கும் குளத்தில் பொற்றாமரைகள். அதன் கரையில் நீலமணி முடிகொண்ட ஒரு விளையாட்டு மலை. மனைவி பிள்ளைபோல வளர்த்த இளம் மந்தார மரம், கையெட்டும் உயரத்தில் பூத்து வளைந்து நிற்கிறது. கதவருகே சங்கும் பதுமமும் எழுதியிருக்கும், அதைப் பார்த்துக் கண்டுகொள் என்கிறான். உள்ளே மனைவி வீணையை மடியில் வைத்துக்கொண்டு, நரம்பு கண்ணீரில் நனைந்துவிட, தான் அமைத்த பண்ணைத் தானே மறந்துவிடுகிறாள். வாசற்படியில் பூக்களை வைத்து, இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுகிறாள். கூண்டில் இருக்கும் பூவை என்ற மைனாவிடம் ‘உன் எசமானை நினைக்கிறாயா, அவருக்கு நீ என்றால் விருப்பமாயிற்றே’ என்று கேட்கிறாள்.

சத்திமுத்தப் புலவருக்கு வீடு சொல்ல ஓர் அடி போதும்: ‘நனைசுவர்க் கூரை’. மழையில் ஊறிய சுவர், அதன்மேல் ஒரு கூரை. கரகரத்த குரலில் ஒரு பல்லி. அதற்குக் காது கொடுத்தபடி மனைவி.

இங்கே பெரும்பாலான மாணவர்கள் ‘ஒருவன் செல்வன், மற்றவன் ஏழை’ என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு ஒப்பீடு வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அதே அட்டையைப் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு மனைவிமாரும் செய்வது ஒரே வேலை. இருவரும் நாளை அறிய முயல்கிறார்கள். ஒருத்தி பூக்களை எண்ணுகிறாள், ஒருத்தி பல்லியைக் கேட்கிறாள். பூக்களை எண்ணலாம், ஏனென்றால் சாபத்துக்கு முடிவு நாள் உண்டு. திருமால் பாம்பணையிலிருந்து எழும் நாளில் சாபம் தீரும், இன்னும் நான்கு மாதம், கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடு என்றுதான் யட்சன் செய்தியே அனுப்புகிறான். வறுமைக்கு முடிவு நாள் கிடையாது. எண்ண ஒன்றும் இல்லாதவள் பல்லியைத்தான் கேட்க வேண்டும். இந்த இடத்தில் பல்லி வெறும் வீட்டு விவரமாக இருப்பதை விட்டுவிட்டது. மேகதூதத்தைப் பக்கத்தில் வைக்காமல் இதைப் பார்த்திருக்க முடியுமா என்று கேட்டால், எனக்கே சந்தேகம். பல ஆண்டுகள் இந்தப் பாடலைப் படிப்பித்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

அடுத்தது ஐந்தாவது அட்டை. யட்சனின் செய்தி நீளமானது. தான் உயிரோடிருப்பது, அவளைக் கொடியிலும் நிலவிலும் தேடுவது, பொறுத்திரு என்பது. முழுக்க ஆறுதல். புலவரின் செய்தியில் ஆறுதலே இல்லை. ‘வருவேன் என்று சொல்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘ஏழையாளனைக் கண்டனம் எனுமே’: ‘கண்டோம் என்று சொல்லுங்கள்’, அவ்வளவுதான். நாரைகள் கொண்டுபோவது அவருடைய சொல்லை அல்ல, அவை கண்ணால் கண்டதை. கையால் மெய்யைப் பொத்தி, காலால் உடம்பைத் தழுவி, பெட்டிக்குள் இருக்கும் பாம்பு போல மூச்சு விடுகிறவர் செய்தி சொல்லும் நிலையில்கூட இல்லை என்று ஒரு மாணவி எழுதினாள். அதைத் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இனி இரண்டாவது அட்டைக்குத் திரும்புங்கள். புலவர் நாரையை அழைத்தவுடன் சொல்வது ‘நீயும் நின் மனைவியும்’. ஒற்றை நாரைக்கு அல்ல, சோடிக்குத்தான் தூது. மேகதூதத்தின் கடைசிப் பாடலில் யட்சன் மேகத்தை வாழ்த்துகிறான்: எனக்கு நேர்ந்ததுபோல நீ உன் மின்னலை ஒரு கணமும் பிரியாதிருப்பாயாக. மேகத்துக்கு மின்னல் மனைவி. பிரிந்திருக்கிற இரண்டு ஆண்களும், தூது போவது தன் துணையோடு போகிறது என்பதைக் காணாமல் விடவில்லை. ஒருவர் அதைத் தொடக்கத்தில் வைத்தார், மற்றவர் முடிவில் வைத்தார். தொடக்கத்தில் வைத்தால் அது ஏக்கம், முடிவில் வைத்தால் அது வாழ்த்து. புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் ‘அன்னச் சேவல் அன்னச் சேவல்’ என்று அழைத்து, கோப்பெருஞ்சோழனிடம் போய் என் பெயரைச் சொன்னால் உன் பேடை அணிய நல்ல அணிகலன் தருவான் என்கிறார். அங்கேயும் சோடி வந்துவிடுகிறது, ஆனால் அங்கே பிரிந்திருப்பவர்கள் நண்பர்கள். இதை அடிக்குறிப்பாக வைக்கலாம், தனி அத்தியாயமாக்க வேண்டாம்.

செயற்றிட்டத்தின் தலைப்பு இப்போதுதான் பிறக்கிறது. ‘தூது இலக்கியம்: ஓர் ஒப்பீடு’ என்று வைக்காமல் ‘பூக்களை எண்ணுகிறவளும் பல்லியைக் கேட்கிறவளும்’ என்றோ ‘சோடியாகப் போகும் தூது’ என்றோ வைக்கலாம். தலைப்பை முதலில் வைத்துவிட்டு வேலை தொடங்கச் சொல்லும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. பதிவேட்டுக்காக ஒரு தற்காலிகத் தலைப்பைக் கொடுத்துவிட்டு, அட்டைகள் முடிந்தபின் மாற்ற அனுமதி கேளுங்கள்.

சிங்களத் தூது: ஒப்பீட்டை உடைத்துப் பார்க்க

இரண்டு பாடல்களில் கண்டதை மூன்றாவது ஒன்றில் வைத்து உரசிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சிங்களச் சந்தேச காவியம். கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் பாடியது ‘செலலிஹிணி சந்தேசய’. தூது போவது ஒரு மைனா. நம் பத்துத் தூதுப் பட்டியலில் இருக்கும் பூவை, யட்சன் மனைவியின் கூண்டில் இருந்த பூவை, அதே இனம். அது ஜயவர்த்தனபுரக் கோட்டையிலிருந்து களனிக்குப் பறக்கிறது. சேரும் இடம் களனியில் விபீடண தெய்வத்தின் கோயில். கம்பராமாயணத்தில் நாம் படித்த வீடணனேதான். செய்தி: அரசனின் மகள் உலகுடைய தேவிக்கு ஓர் ஆண்மகவு வேண்டும். பெயரைக் கவனியுங்கள். சிங்களக் காவியத்தின் நடுவே ஒரு தமிழ்ப்பெயர்.

ஐந்து அட்டைகளையும் இதற்கும் நிரப்புங்கள். முதல் கேள்வியிலேயே தடுக்கும். அனுப்புபவர் துறவி; பிரிவு இல்லை, மனைவி இல்லை, ‘ஏன் தானே போகவில்லை’ என்ற கேள்விக்கும் இடமில்லை, களனி கூப்பிடு தூரந்தான். நகரும் வழியும் ஆறும் மாலைப்பொழுதும் விரிவாக வருகின்றன, ஆனால் அவை ஏங்கும் மனிதனின் கண்ணால் பார்க்கப்பட்டவை அல்ல. அரசனின் நகரைப் போற்றும் கண்ணால் பார்க்கப்பட்டவை. ஆக, தூது என்ற வடிவம் ஒன்றாக இருந்தால் கருப்பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்த மாணவர் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தத்தை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்: ‘பிரிவே தூதின் பொருள் என்று தொடங்கினேன், மூன்றாவது பாடல் அதை மறுத்தது.’

மொழிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் மொழிப் பாடத்தில் படிக்கும் சிங்களத்தால் இதை வாசிக்க முடியாது. இது பழைய செய்யுட் சிங்களம். உரையோடு கூடிய பதிப்பு அம்பாறை நகரத்துச் சிங்களப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பாடசாலையின் இரண்டாம் மொழி ஆசிரியரிடம் அந்த உரையைக் கொண்டுபோய், நான்கைந்து பாடல்களுக்கு மட்டும் பொருள் கேளுங்கள். முழு நூலையும் கொண்டுபோனால் அவர் அடுத்த முறை உங்களைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிவிடுவார்.

எங்கே பிசகும்

ஒருமுறை ஒரு குழு மூன்று பாடல்களின் வழிகளையும் படத்தில் வரைந்தது. நல்ல வேலை. இராமகிரியிலிருந்து மேகம் வடக்கே, மதுரையிலிருந்து நாரை வடக்கே, கோட்டையிலிருந்து பூவை வடக்கே. உடனே ‘தூது எப்போதும் வடக்கு நோக்கியே செல்லும், வடக்கு புனிதத் திசை’ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள். இன்னொரு சிங்களத் தூதான மயூர சந்தேசயத்தில் மயில் கம்பளையிலிருந்து தெற்கே தேவிநுவரைக்குப் போகிறது. ஒரு மயில் போதும், அந்தப் பக்கம் முழுவதும் போய்விட்டது. மூன்று பாடல்களை வைத்து ‘எப்போதும்’ என்று எழுதக்கூடாது. ‘நான் பார்த்த மூன்றிலும்’ என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

‘யாரைப் பார்த்து யார் பாடினார்’ என்ற கேள்வி இன்னொரு பள்ளம். காளிதாசரைப் பார்த்துத்தான் நம் புலவர் பாடினார் என்று ஒருவர், இல்லை சங்கத்தைப் பார்த்துத்தான் காளிதாசர் பாடினார் என்று இன்னொருவர். காளிதாசரைப் பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் வைப்பார்கள். பறவையிடம் செய்தி சொல்லும் வழக்கம் புறநானூற்றிலேயே இருக்கிறது. சந்தேச காவியங்களுக்கு மேகதூதம் முன்மாதிரி என்பது பொதுவாக ஏற்கப்பட்டது, அதை எழுதலாம். மற்றதைத் தரம் 11 மாணவரால் நிறுவ முடியாது, நிறுவவும் தேவையில்லை. ஒப்பீடு வேறு, கடன் கணக்கு வேறு.

எழுதி முடித்த பத்தி வெறும் பத்தியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதில் பாடல்களின் பெயர்களை இடம் மாற்றிப் படியுங்கள். நாரை இருந்த இடத்தில் மேகம், மேகம் இருந்த இடத்தில் நாரை. அப்போதும் பத்தி பிழையின்றி நின்றால் அதைக் கிழித்துவிடலாம். பல்லியும் பூவும் வரும் பத்தியை இப்படி மாற்றினால் உடனே இடறும். இடறவேண்டும்.

எழுதும் ஒழுங்கு

அறிக்கை கையெழுத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். முதல் ஒன்றரைப் பக்கத்தில் மூன்று பாடல்களின் சூழல். அடுத்துத் தமிழ்ப் பாடல் முழுவதும், சொற்பொருளோடு. பிறகு ஐந்து அட்டைகளில் மிகுந்த பொருள் உள்ள இரண்டை மட்டும் விரித்து எழுதுங்கள், மற்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் அடக்கிவிடுங்கள். ஐந்துக்கும் சம இடம் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ‘நாரைப் பாடலில் இப்படி’ என்று ஒரு பக்கம், ‘மேகதூதத்தில் இப்படி’ என்று ஒரு பக்கம் எழுதினால் ஒப்பிடும் வேலை திருத்துபவர் தலையில் விழும். ஒரே பத்திக்குள் இரண்டும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினீர்கள், எந்தச் சிங்களப் பாடல்களுக்கு யாரிடம் பொருள் கேட்டீர்கள் என்பதை அறிக்கையிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள்.

இதே முறையில் செய்யக்கூடிய வேறு தலைப்புகள்

எல்லாரும் நாரையையே பிடித்துக்கொண்டால் எனக்கும் அலுத்துவிடும். மேகத்தை மேகத்தோடு வைக்கலாம். ஆண்டாள் ‘விண்ணீல மேலாப்பு விரித்தாற்போல் மேகங்காள்’ என்று தொடங்கும் திருமொழியில் வேங்கட மலை மேகங்களிடம் பேசுகிறாள். அங்கே அனுப்புபவள் பெண். செய்தி ஆறுதல் அல்ல, முறைப்பாடு. யட்சனின் மேகத்தோடு வைத்தால் ஐந்தாவது அட்டை ஒன்றே ஒரு செயற்றிட்டத்துக்குப் போதும்.

சிங்களம் ஓரளவு தெரிந்தவர்களுக்குக் கோகில சந்தேசயம். தேவிநுவரையிலிருந்து குயில் புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் இருந்த சப்புமல் குமாரனிடம், நாம் செண்பகப் பெருமாள் என்று அறிந்தவனிடம், போகிறது. ஆண்டாளும் குயிலிடம் பேசியிருக்கிறாள். குயில் போன வழியில் மட்டக்களப்பைத் தேட வேண்டாம், அது மேற்குக் கரையோரமாகவே போய்விட்டது.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரியின் புர்தா, மஜ்லிஸ்களில் ஓதக் கேட்டிருப்பார்கள். அதன் இரண்டாவது அடியில் கண்ணீருக்குக் காரணம் தேடும் கவிஞர், காழிமா என்ற இடத்தின் திசையிலிருந்து காற்று வீசியதாலா என்று கேட்கிறார். தமிழ்த் தூதில் தென்றல் நம்மிடமிருந்து போகும். இங்கே காற்று அன்புக்குரியவரின் திசையிலிருந்து வருகிறது. திசை மாறினால் பாடலில் என்னென்ன மாறுகிறது என்பது ஒரு முழுத் தலைப்பு. பொருளை ஒரு மௌலவியிடம் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊர்க் கவிகளும் உண்டு. வயற்காவலுக்குப் போன மச்சானுக்கு மச்சி படித்த கவி, மூத்தம்மாவின் வாயில் இன்னும் இருக்கலாம். கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அவர் சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள். பாடியவரின் அனுமதி கேளுங்கள். அந்தக் கவியில் கிளியிடமோ காற்றிடமோ சொல்லி அனுப்பியிருந்தால் நான்காவது அட்டையை எடுத்துக்கொண்டு உட்காரலாம்.

ஒப்படைக்கும் நாளில் வாய்மொழிக் கேள்வி இருக்கும். நான் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: பனங்கிழங்கைப் பிளந்து பார்த்தாயா?